மாத நடுவில் கட்டிய பெருந்தொகை: வட்டிக் கணக்கு தவறும் இடம்

நுவரெலியாப் பக்கம் கிழங்கோ லீக்ஸோ நல்ல விலைக்குப் போனால், கையில் காசு இருக்கும்போதே கடனில் ஒரு தொகையைக் குறைத்துவிடுவார்கள். அந்தக் காசு தவணைத் திகதி பார்த்து வருவதில்லை. அந்த மாத வட்டியைத் திரும்பக் கணக்கிடுவதில் புதிதாகக் கணக்கெழுத வந்தவர்கள் திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் சறுக்குகிறார்கள்.

ஒரு மரக்கறி லொறிக்காரரின் கடன் என்று வைத்துக்கொள்வோம். ஜூன் 1ஆம் திகதி தவணை கட்டியபின் மீதி 600,000 ரூபா. வட்டி வருடத்துக்கு 14.6%, குறைந்து செல்லும் மீதிக்கு, 365 நாள் கணக்கில். நாளொன்றுக்கு 240 ரூபா. ஜூன் 11 காலை 200,000 கட்டுகிறார்.

கழித்த வட்டியையே தவணையிலும் எடுப்பது

ஜூன் 1 முதல் 10 வரை ஏறிய வட்டி 2,400. கட்டிய பணத்தில் வட்டியை முதலில் கழிப்பது கடன் ஒப்பந்தத்தின் முறையென்றால், 197,600 மட்டுமே கடனைக் குறைக்கும். மீதி 402,400. அடுத்த 20 நாளுக்கு வட்டி 3,219.20. ஜூலை 1ஆம் திகதி 20,000 ரூபா தவணையில் வட்டியாகப் போக வேண்டியது இவ்வளவுதான்.

ஆனால் எழுதுகிறவர் "முழு மாத வட்டி" என்று 5,619.20 போட்டுவிடுவார். கூட்டல் சரி, அதில் 2,400 ஏற்கெனவே வாங்கியாயிற்று என்பதுதான் மறந்துபோகிறது. மீதி 385,619.20 ஆக வேண்டியது 388,019.20 என்று நிற்கும். அந்த 2,400க்கும் கடன் முடியும்வரை வட்டி ஓடும். தவணை அதே 20,000தான் என்பதால் கடனாளி கண்ணில் எதுவும் படாது. எரிச்சலூட்டுவது இதுதான்.

கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. கணக்குக் கூற்றில் ஜூன் 11க்கும் ஜூலை 1க்கும் எதிரே உள்ள வட்டியைக் கூட்டுங்கள். இடையில் ஒன்றுமே கட்டாதிருந்தால் ஜூன் மாத வட்டி 7,200. பணம் கட்டியபின் அதைவிடக் கூட வரவே முடியாது. தவறான கணக்கில் 8,019.20 வரும்.

ஒப்பந்தப்படி 200,000 முழுவதும் கடனைக் குறைத்தால் கதை வேறு. மீதி 400,000, ஏறிய 2,400 நிலுவையில் நிற்கும், ஜூலை 1இல் 2,400உம் 3,200உம் சேர்த்து 5,600 எடுப்பது சரி. இரண்டு முறைக்கும் வட்டியில் 19.20 ரூபாதான் வித்தியாசம். இரண்டையும் கலந்தால்தான் 2,400 போகிறது. ஆகவே மீதியை எழுதும் முன் அந்த 2,400 எங்கே போனதென்று பாருங்கள்.

கட்டிய நாளை இரு பக்கமும் எண்ணுவது

கட்டுமுன் 10 நாள், கட்டியபின் 20 நாள், சேர்ந்து ஜூனின் 30. கூட்டினால் 31 வந்தால் ஜூன் 11 இரண்டு தடவை விழுந்திருக்கிறது.

அடுத்த தவணைவரை பணத்தைச் சேமிப்புக் கணக்கில் கிடக்கவிடுவது

கடனில் பதியாத பணம் வட்டியைக் குறைக்காது. 20 நாளில் ஏறத்தாழ 1,600 ரூபா நட்டம். பற்றுச்சீட்டில் கடன் இலக்கம் இருக்கிறதா என்று அன்றைக்கே பார்க்க வேண்டும்.

நிலை வட்டிக் கடனுக்கு இதே கணக்கைப் போடுவது

பொருந்தாது. அங்கே வட்டி மீதிக்கு அல்ல, தொடக்கத்தில் வாங்கிய முழுத் தொகைக்கே போடப்படுகிறது.