ஆங்கில ‘மே’ என்றால் உரிமையா, வாய்ப்பா? தனியுரிமைக் கொள்கையைத் தமிழாக்கும் முறை

இந்தியாவின் 2023-ம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவைத் திரட்டும்போது கொடுக்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள எந்த மொழியிலோ படிக்கும் வாய்ப்பைப் பயனருக்குத் தரச் சொல்கிறது. அந்த 22 மொழிகளில் தமிழும் ஒன்று. அதனால் தனியுரிமைக் கொள்கையைத் தமிழாக்கும் வேலை இப்போது தமிழ் மொழிபெயர்ப்பாளர்களிடமும் வருகிறது. பயனர் விதிமுறைகளும் பெரும்பாலும் கூடவே வரும்.

இந்த வேலையில் நடை அழகு இரண்டாம் பட்சம்தான். யார் எதைச் செய்தாக வேண்டும், எதைச் செய்யக் கூடாது, எது விலக்கு என்ற மூன்றும் மூலத்தில் உள்ளபடியே வர வேண்டும். ஒரு ஆன்லைன் கடையின் ஆவணத்தை எடுத்துக்கொண்டு பார்ப்போம்.

படி 1: வரையறைச் சொற்களைப் பிரித்தெடுங்கள்

எக்செல் கோப்பில் மூன்று நெடுவரிசைகள் போடுங்கள்: மூல வரி, தமிழ் வரி, கேள்வி. மொழிபெயர்க்கத் தொடங்கும் முன் ஆவணத்தை ஒருமுறை முழுக்கப் படித்து, பெரிய எழுத்தில் தொடங்கும் சொற்களைத் தனியாகக் குறியுங்கள். ஆங்கில ஒப்பந்தத்தில் ‘சர்வீசஸ்’ என்று பெரிய எழுத்தில் வந்தால் அது அந்த ஆவணம் வரையறுத்த சேவை. சிறிய எழுத்தில் வந்தால் பொதுவான சேவை. தமிழில் பெரிய எழுத்து கிடையாது. எனவே வரையறுத்த சொல்லை வரும் இடமெல்லாம் ‘சேவை’ என்று மேற்கோள் குறிக்குள் போடுங்கள், அல்லது தடித்த எழுத்தில் போடுங்கள். எந்த முறை என்பதை வாடிக்கையாளரிடம் முதலிலேயே கேட்டு முடிவு செய்துவிடுங்கள்.

ஒரு சொல்லுக்கு ஒரே தமிழ்ச் சொல்தான். கட்டுரையில் ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்தால் சலிப்பாக இருக்கும். இங்கே மாற்றினால்தான் சிக்கல். ஓரிடத்தில் ‘தனிநபர் தரவு’, வேறிடத்தில் ‘தனிப்பட்ட விவரம்’ என்று எழுதினால், இரண்டும் வெவ்வேறு பொருள்கள் என்று வாதாட வழி திறந்துவிடும்.

நிறுவனம் தன்னைச் சொல்லும் இடத்தில் எப்போதும் ‘நாங்கள்’. ‘நாம்’ என்று எழுதினால் படிப்பவரும் அதற்குள் வந்துவிடுவார். ‘இழப்புக்கு நாம் பொறுப்பல்ல’ என்ற வரியில் யார் பொறுப்பு துறக்கிறார் என்பதே குழம்பிவிடும்.

படி 2: கடமைச் சொற்களுக்கு முதலிலேயே ஒரு பட்டியல்

ஆங்கிலத்தின் ‘மே’ தான் அதிகம் வழுக்கும் சொல். அது சில இடங்களில் உரிமை, சில இடங்களில் வெறும் வாய்ப்பு. தமிழில் ‘-லாம்’ போட்டால் அந்தக் குழப்பம் அப்படியே வந்துவிடும். ‘உங்கள் கணக்கை முடக்கலாம்’ என்பது, எங்களுக்கு அந்த உரிமை உண்டு என்பதா, முடங்கினாலும் முடங்கும் என்பதா? மூலத்தைப் பார்த்து ஒன்றை உறுதி செய்யுங்கள். உரிமை என்றால் ‘முடக்க எங்களுக்கு உரிமை உண்டு’ என்று எழுதுங்கள். வாய்ப்பு என்றால் ‘சில வேளைகளில் சேவை தடைபடக்கூடும்’ என்பது போல எழுதுங்கள்.

‘மே நாட்’ பயனரைப் பற்றி வந்தால் பெரும்பாலும் தடைதான். ‘கணக்கைப் பிறருக்கு மாற்றித் தரக் கூடாது’ என்பதே சரி. சொல்லுக்குச் சொல் போட்டு ‘மாற்றித் தராமல் இருக்கலாம்’ என்று எழுதினால், தடை பயனரின் விருப்பமாகிவிடும்.

மற்றவை சுருக்கமாக:

- பயனர்மேல் விழும் ‘ஷல்’, ‘மஸ்ட்’: ‘வேண்டும்’
- நிறுவனம் தனக்கே சொல்லும் ‘வில்’: ‘நீக்குவோம்’, ‘தெரிவிப்போம்’
- ‘நீட் நாட்’: ‘கட்டாயமில்லை’. இதைக் ‘கூடாது’ என்று எழுதவே வேண்டாம்.

‘நியாயமான முயற்சி எடுப்போம்’ என்று மூலம் சொன்னால், அதைச் ‘செய்வோம்’ என்று உயர்த்தாதீர்கள். முயற்சிக்கு மட்டுமே வாக்குக் கொடுக்கிறார்கள், முடிவுக்கு இல்லை.

செயப்பாட்டு வினையிலும் கவனம் வேண்டும். ‘தரவு நீக்கப்படும்’ என்று எழுதினால் நீக்குபவர் காணாமல் போகிறார். மூலத்தில் எழுவாய் இருந்தால் தமிழிலும் இருக்கட்டும். மூலத்திலேயே இல்லையென்றால் நீங்களாகப் போடாமல், மூன்றாம் நெடுவரிசையில் கேள்வியாக எழுதிவையுங்கள்.

படி 3: விலக்கு வரும் வரியை உடையுங்கள்

தமிழ் வாக்கியத்தில் அடை முன்னால் வந்து, அடுத்து வரும் பெயரோடு ஒட்டிக்கொள்ளும். ஆங்கிலத்தில் விலக்கு வாலாகத் தொங்கும். அந்த வாலைத் தலைக்குக் கொண்டுவரும்போதுதான் பிழை நுழைகிறது.

கடையின் வரியில் உள்ள பகுதிகள் இவை. கடமை: தரவை மூன்றாம் தரப்பினரோடு பகிராமல் இருப்பது. விலக்கு: பணம் செலுத்தும் சேவையும் கூரியரும். விலக்கின் எல்லை: ஆர்டரை நிறைவேற்றத் தேவையான அளவு.

ஒரே வாக்கியமாக எழுதினால் இப்படி வரும்:

> ஆர்டரை நிறைவேற்றத் தேவையான பணம் செலுத்தும் சேவைகள், கூரியர் நிறுவனங்கள் தவிர மற்றவர்களோடு உங்கள் தரவைப் பகிர மாட்டோம்.

படிக்கச் சரளமாகத்தான் இருக்கிறது, ஆனால் தவறு. ‘தேவையான’ என்பது தரவின் அளவை விட்டுவிட்டு நிறுவனங்களின் பக்கம் போய்விட்டது. தேவையான நிறுவனம் என்றால் முழுத் தரவையும் தரலாம் என்று இது சொல்கிறது. மூலம் அப்படிச் சொல்லவில்லை. இரண்டாக உடைத்தால் சரியாகும்:

> உங்கள் தரவை எந்த மூன்றாம் தரப்பினரோடும் பகிர மாட்டோம். இதற்கு விலக்கு: உங்கள் ஆர்டரை நிறைவேற்ற எவ்வளவு தரவு தேவையோ அவ்வளவை மட்டும், பணம் செலுத்தும் சேவைகளோடும் கூரியர் நிறுவனங்களோடும் பகிர எங்களுக்கு உரிமை உண்டு.

இரண்டாம் வாக்கியத்தில் ‘பகிர்வோம்’ என்று போடவில்லை என்பதைக் கவனியுங்கள். விலக்கு அனுமதி மட்டுமே தருகிறது, பகிர்வதாக உறுதி தரவில்லை.

எதிர்மறையோடு ‘எல்லா’வையும் சேர்க்காதீர்கள். ‘எல்லாத் தரவையும் பகிர மாட்டோம்’ என்றால் எதையும் பகிர மாட்டார்களா, சிலவற்றை மட்டும் பகிர்வார்களா? ‘எந்தத் தரவையும்’ என்றால் குழப்பமில்லை.

பட்டியல்களில் ‘அதாவது’ கதவை மூடிவிடும். மூலம் ‘இவை உட்பட, இவை மட்டும் அல்லாமல்’ என்று திறந்து வைத்திருந்தால், தமிழும் திறந்தே இருக்க வேண்டும்.

படி 4: விலக்குக்கு விலக்கு

பொறுப்பு வரம்புப் பத்தியில் இரட்டை எதிர்மறை வரும். பிரிட்டனில் 1977-ம் ஆண்டின் நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகள் சட்டப்படியும், நுகர்வோர் ஒப்பந்தங்களில் 2015-ம் ஆண்டின் நுகர்வோர் உரிமைகள் சட்டப்படியும், தன் கவனக்குறைவால் நேரும் மரணத்துக்கும் உடற்காயத்துக்குமான பொறுப்பை ஒரு நிறுவனம் ஒப்பந்தத்தின் மூலம் கழற்றிவிட முடியாது. அதனால் அங்கிருந்து வரும் ஆவணங்களில் இதற்கென ஒரு வரி இருப்பது வழக்கம். அதன் சரியான தமிழ்:

> எங்கள் கவனக்குறைவால் ஏற்படும் மரணத்துக்கோ உடற்காயத்துக்கோ எங்களுக்குள்ள பொறுப்பை, இந்த விதிமுறைகளில் உள்ள எதுவும் விலக்காது.

மேலும் கீழும் ‘பொறுப்பல்ல’ என்ற வரிகளாகவே ஓடுவதால், கை தன்னால் இங்கேயும் ‘பொறுப்பல்ல’ என்று எழுதிவிடும். பொருள் நேர் எதிராகிவிடும்.

‘சட்டம் அனுமதிக்கும் அளவுக்கு’ என்ற தொடரும் அதன் இடத்தில் இருக்க வேண்டும். மூலத்தில் பத்தித் தலைப்பில் இருந்தால் தமிழிலும் தலைப்பில். உள்ளே ஒரு உருப்படிக்குக் கொண்டுபோனால் மற்றவற்றின் வரம்பு போய்விடும்.

படி 5: எண்ணிப் பாருங்கள்

ஒவ்வொரு பத்தியிலும் எதிர்மறைகள், எண்கள், விலக்குகள் எத்தனை என்று இரு பக்கமும் எண்ணுங்கள். எண்ணிக்கை மாறினால் காரணம் தெரிய வேண்டும். ‘30 நாட்களுக்குள்’, ‘30 நாட்கள் வரை’, ‘30 வேலை நாட்கள்’ மூன்றும் வேறு வேறு.

பிறகு மூலத்தைப் பார்க்காத ஒருவரிடம் தமிழை மட்டும் கொடுத்துக் கேளுங்கள்: என் முகவரி யார் யாருக்குப் போகும்? கணக்கை நீக்கச் சொன்னால் எத்தனை நாளில் நீக்குவார்கள்? பார்சல் உடைந்தால் யார் பொறுப்பு? அவர் சொல்லும் பதிலை மூலத்தோடு ஒப்பிடுங்கள். அவர் தயங்கும் வரி திருத்த வேண்டிய வரி.

இரு மொழிகளும் முரண்பட்டால் எது செல்லும் என்ற விதி மூலத்தில் இருந்தால் மொழிபெயருங்கள். இல்லையென்றால் நீங்களாகச் சேர்க்காமல், மூன்றாம் நெடுவரிசையில் உள்ள மற்றக் கேள்விகளோடு அதையும் வாடிக்கையாளரின் வழக்கறிஞருக்கு அனுப்புங்கள். பதில்கள் வந்து சேரும்வரை கோப்பின் பெயரில் ‘வரைவு’ என்றே இருக்கட்டும்.