காலை மூக்கடைப்புக்கு மெத்தையிலிருந்து தொடங்குங்கள்: குளிர்நீர் வாஷிங் மெஷின் உள்ள வீடுகளுக்கான செய்முறை

எழுந்ததும் அடுக்கடுக்காகத் தும்மல், மூக்கு அடைத்து வாயால் மூச்சு, கண்ணிலும் மூக்கிலும் அரிப்பு. வேலைக்குக் கிளம்பி எல்ஆர்டி ஏறுவதற்குள் பாதி குறைந்துவிடும். இரவு படுத்ததும் திரும்ப வரும். காய்ச்சலும் இல்லை. இப்படி இருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது படுக்கைக்குள் வாழும் தூசி உண்ணியை. உறுதி செய்ய மருத்துவமனையில் தோலில் துளி வைத்துப் பார்க்கும் ஒவ்வாமைப் பரிசோதனை இருக்கிறது. ஒரு பக்க மூக்கு மட்டும் எப்போதும் அடைத்திருந்தாலோ, இரத்தமோ துர்நாற்றமோ வந்தாலோ, இரவில் இருமலும் வீசிங்கும் சேர்ந்தாலோ சுத்தம் செய்வதைத் தள்ளி வைத்துவிட்டு முதலில் மருத்துவரைப் பாருங்கள்.

தூசி உண்ணி கால் மில்லிமீட்டர் அளவுதான், கண்ணுக்குத் தெரியாது. நம் உடலிலிருந்து உதிரும் தோல் செதில்தான் அதன் உணவு. தண்ணீர் குடிக்காது. காற்றிலுள்ள ஈரத்தை உடம்பால் உறிஞ்சிக்கொள்ளும். கோலாலம்பூரிலும் பினாங்கிலும் அந்த ஈரத்துக்கு என்றைக்கும் பஞ்சமில்லை. நமக்கு மூக்கடைப்பைத் தருவது பெரும்பாலும் அதன் எச்சம். அதனால் உண்ணியைக் கொன்றால் மட்டும் போதாது, எச்சத்தையும் துணியிலிருந்து கழுவி எடுக்க வேண்டும். கீழே சொல்லும் வேலையெல்லாம் இந்த இரண்டுக்காகத்தான்.

உதாரணத்துக்கு செந்தூலில் ஓர் அடுக்குமாடி வீட்டின் படுக்கையறையை எடுத்துக்கொள்வோம். ஒரு குயின் மெத்தை, மூன்று தலையணை, ஒரு போல்ஸ்டர், ஒரு தடித்த கம்ஃபர்ட்டர், பிள்ளைக்குத் தரையில் போடும் சிங்கிள் மெத்தை, மேலே சீலிங் ஃபேன், சுவரில் ஏர்கோன், ஜன்னலில் துணித் திரை.

படி 1: உறை வாங்கும் முன் அளவெடுங்கள்

பலர் பணத்தை வீணாக்கும் இடம் இதுதான். கடையில் "ஆன்டி டஸ்ட் மைட்" என்று எழுதி விற்பதில் பெரும்பாலானவை மெத்தையின் மேல்பக்கத்தை மட்டும் மூடி, ஓரத்தில் எலாஸ்டிக் வைத்தவை. அது வியர்வைக் கறையைத் தடுக்கும், உண்ணியைத் தடுக்காது. நமக்குத் தேவை மெத்தையின் ஆறு பக்கத்தையும் மூடி ஜிப் போடும் உறை. துணியின் துளை 10 மைக்ரானுக்குக் குறைவு என்று பெட்டியில் எழுதியிருக்க வேண்டும். பூனையும் வளர்ப்பவர்கள் 6 மைக்ரானுக்குக் குறைவாகப் பார்த்து வாங்குங்கள்.

இங்கே குயின் மெத்தை வழக்கமாக 152 x 190 செ.மீ. நீள அகலத்தைப் பார்த்து வாங்கி, தடிமனை மறந்துவிடுவதால்தான் ஜிப் மூடாமல் போகிறது. மெத்தை 25 செ.மீ., அதன் மேல் 5 செ.மீ. டாப்பர் என்றால் இரண்டையும் ஒரே உறைக்குள் போட முயலாதீர்கள். டாப்பருக்குத் தனி உறை வாங்குங்கள், இல்லாவிட்டால் டாப்பரை எடுத்துவிடுங்கள். நான் எடுத்துவிடச் சொல்வேன்.

பிளாஸ்டிக் படலம் ஒட்டிய உறை மலிவு. ஆனால் ஏர்கோன் போடாமல் தூங்குபவர்களுக்கு முதுகு நனைந்துவிடும், இரண்டே வாரத்தில் கழற்றிவிடுவார்கள். நெருக்கமாக நெய்த மைக்ரோஃபைபர் துணி உறைக்குக் கூடுதலாகக் கொடுக்கலாம். எல்லாவற்றுக்கும் சேர்த்து வாங்கக் கைவசம் பணம் இல்லையென்றால் முதலில் தலையணை உறைகள், அடுத்து மெத்தை, கடைசியில் போல்ஸ்டர். மூக்கு ஏழெட்டு மணி நேரம் ஒட்டிக் கிடப்பது தலையணையோடுதான்.

படி 2: வீட்டில் துவைத்து, டோபியில் சூடேற்றுங்கள்

தூசி உண்ணி பற்றி எங்கே படித்தாலும் "60 பாகை வெந்நீரில் துவைக்கவும்" என்றுதான் இருக்கும். நம் வீடுகளில் உள்ள மேல்திறப்பு வாஷிங் மெஷின்களில் பெரும்பாலானவை குழாய்த் தண்ணீரைத்தான் எடுக்கும். குளிர்நீரில் எச்சம் கரைந்து பெருமளவு போய்விடும். ஆனால் உண்ணி நூலைப் பிடித்துக்கொண்டு உயிரோடு தப்பிக்கும். சில வாரங்களில் பழைய நிலைதான்.

அதற்குத் தீர்வு தாமானுக்குத் தாமான் இருக்கும் சுயசேவை டோபி. துவைப்பதற்கு அங்கே காசு கொடுக்க வேண்டாம். படுக்கை விரிப்பு, தலையணைத் துணி, போர்வை எல்லாவற்றையும் வீட்டில் வழக்கமான சோப்புத்தூள் போட்டுத் துவைத்து, நன்றாகப் பிழிய விட்டு, ஈரத்தோடு டோபிக்கு எடுத்துப் போய் டிரையரில் போடுங்கள். சூட்டை உச்சத்தில் வையுங்கள். டிரம் பாதிக்கு மேல் நிரம்பக் கூடாது.

பெரும்பாலானோர் தவறுவது இதற்குப் பிறகுதான். துணி ஈரமாக இருக்கும் வரை டிரையரின் சூடெல்லாம் தண்ணீரை ஆவியாக்குவதிலேயே போய்விடும், துணியின் சூடு ஏறாது. காய்ந்த பிறகுதான் அது 60 பாகையை நோக்கிப் போகும். ஆகவே "காய்ந்துவிட்டது" என்று எடுக்கிற அந்த நேரத்தில் உண்ணிகள் இன்னும் சாகவில்லை. துணி காய்ந்ததும் கதவைத் திறந்து உதறிப் புரட்டிவிட்டு இன்னும் 20 நிமிடம் ஓட விடுங்கள். அந்த 20 நிமிடத்துக்குத்தான் நீங்கள் உண்மையில் காசு கொடுக்கிறீர்கள்.

கம்ஃபர்ட்டரில் இது இன்னும் சிக்கல். வெளித்துணி காய்ந்து சுடும், உள்ளே பஞ்சு ஈரக் கட்டியாக உருண்டு கிடக்கும். நடுப்பகுதியை இரண்டு கையாலும் அழுத்திப் பாருங்கள். ஓரிடத்தில் குளிர்ச்சியாகவோ கட்டியாகவோ பட்டால் கையால் பிரித்துவிட்டு மறுபடி போடுங்கள். ஈரத்தோடு மடித்து வைத்தால் பூஞ்சை பிடிக்கும், ஒவ்வாமைக்கு இன்னொரு காரணமும் சேரும்.

லேடெக்ஸ், மெமரி ஃபோம் தலையணைகளை எக்காரணம் கொண்டும் டிரையரில் போடாதீர்கள், தீப்பிடிக்கக்கூடும். அவற்றுக்கு ஜிப் உறை மட்டும்தான். பிள்ளையின் பொம்மைகளை ஒரு பையில் கட்டி ஃப்ரீசரில் இரண்டு நாள் வைத்து, பிறகு துவைத்துக் காயவையுங்கள். ஃப்ரீசர் கொல்லும், துவைப்பது எச்சத்தை எடுக்கும். இரண்டில் ஒன்றை விட்டால் பாதி வேலைதான்.

விரிப்பும் தலையணைத் துணியும் வாரம் ஒரு முறை. கம்ஃபர்ட்டர் மாதம் ஒரு முறை. இந்த வெயிலில் கம்ஃபர்ட்டரே வேண்டாம், பருத்திப் போர்வை இரண்டை மாற்றி மாற்றி வைத்துக்கொள்வது நல்லது என்பது என் கருத்து.

படி 3: அறையைச் சுத்தம் செய்யும் வரிசை

மூக்கடைப்பு உள்ளவர் அன்று அறைக்கு வெளியே இருக்கட்டும். அவரே செய்ய வேண்டியிருந்தால் முகக்கவசம் போட்டுக்கொள்ளட்டும். விரிப்பை உதறாமல் உள்பக்கமாகச் சுருட்டி எடுங்கள். ஃபேன் இறக்கைக்கு ஒரு பழைய தலையணைத் துணியை உறைபோல் மாட்டி இழுத்தால் தூசி அதற்குள்ளேயே விழும். ஏர்கோன் வடிகட்டியைக் கழற்றி வெளியே கொண்டுபோய்க் கழுவுங்கள், இரண்டு வாரத்துக்கு ஒரு முறை. திரையைக் கழற்றித் துவையுங்கள். கட்டில் சட்டம், அலமாரியின் மேல்பக்கம் எல்லாவற்றையும் ஈரத் துணியால் துடையுங்கள். தரையைக் கடைசியில் ஈர மாப். துடைப்பத்தால் பெருக்கினால் தரையில் கிடந்ததெல்லாம் மூக்குக்குத்தான் வரும்.

உண்ணி எச்சம் கனமானது. கிளப்பிவிட்டால் அரை மணி நேரத்துக்குள் பெரும்பகுதி கீழே படிந்துவிடும். அதனால் அரை மணி காத்திருந்து கட்டிலை இன்னொரு முறை துடைத்துவிட்டு, மெத்தைக்கு உறை போடுங்கள். ஜிப் முடியும் மூலையில் சிறு இடைவெளி இருக்கும். அதன் மேல் அகலமான துணி டேப் ஒட்டுங்கள். பிறகு விரிப்பு மாற்றும் ஒவ்வொரு வாரமும் உறையை ஈரத் துணியால் துடைத்தால் போதும்.

இதே காரணத்தால்தான் ஏர் பியூரிஃபயர் உண்ணிக்குப் பெரிதாக உதவாது. எச்சம் காற்றில் மிதப்பதில்லை, தலையணையில் கிடக்கிறது. புகைமூட்டக் காலத்துக்கும் பூனை வளர்க்கும் வீட்டுக்கும் அது பயன்படும். யூவி விளக்கு வைத்த மெத்தை வேக்கூமும் வேண்டாம், அந்த ஒளி மெத்தைக்குள் இறங்காது.

படி 4: பிள்ளையின் தரை மெத்தை

டைல் தரையில் கிடக்கும் மெத்தையின் அடியில் வியர்வை ஈரம் தேங்கும். காலையில் சுவரில் சாய்த்து நிறுத்தி, ஃபேன் காற்றுப் படும்படி விடுங்கள். அடியில் கறும்புள்ளி தெரிந்தால் அது பூஞ்சை, அந்த மெத்தையைத் தூக்கிப் போட வேண்டியதுதான். பெரியவர்கள் மெத்தைக்கு உறை போட்டுவிட்டு இதை விட்டுவிட்டால் அறை சரியாகாது.

உறை மட்டும் வாங்கிப் போட்டுப் பலன் எதிர்பார்க்காதீர்கள். நெதர்லாந்தில் மூக்கு ஒவ்வாமை உள்ளவர்களை வைத்துச் செய்த ஆய்வொன்று 2003இல் வெளியானது. உறை போட்ட படுக்கையில் ஒவ்வாமைப் பொருள் குறைந்தது, ஆனால் சாதாரண உறை போட்டவர்களைவிட அவர்களுக்குத் தொல்லை குறையவில்லை. அதனால் உறை, சூடேற்றுதல், துடைத்தல் மூன்றையும் சேர்த்தே செய்யச் சொல்கிறேன். மருத்துவர் கொடுத்த ஸ்ப்ரேயை இதை நம்பி நிறுத்த வேண்டாம்.

பின்னர் சேர்த்தது: வாசகர்கள் கேட்டவை

இலவம்பஞ்சுத் தலையணை: துவைத்தால் கட்டியாகிவிடும், எளிதில் தீப்பிடிக்கும் என்பதால் டிரையரிலும் போட முடியாது. வெயிலில் வைத்தால் மேல்பக்கம்தான் சுடும், உண்ணி குளிர்ந்த பக்கத்துக்கு இறங்கிவிடும். அடித்துத் தட்டினால் எச்சம் பறக்கும். பாட்டி கைப்படத் தைத்தது என்று மனம் வராவிட்டால் ஜிப் உறைக்குள் போட்டு வையுங்கள். இல்லையென்றால் துவைக்கக்கூடிய பாலியெஸ்டர் தலையணைக்கு மாறுங்கள்.

ஏர்கோன் போட்டு அறையை உலர வைத்தால் உண்ணி சாகுமா: ஈரப்பதம் 50 விழுக்காட்டுக்குக் கீழே நீடித்தால் அது காய்ந்து சாகும். இரவில் ஏர்கோன் குறைத்த ஈரம் காலையில் ஜன்னல் திறந்ததும் திரும்பிவிடும். நாளில் சில மணி நேர ஈரம் அதற்குப் போதும். குளிர்ச்சிக்காக ஏர்கோன் போடுங்கள், உண்ணியை ஒழிக்க அதை நம்பாதீர்கள்.

எல்லாம் செய்தும் மூக்கு அடைக்கிறது: படுக்கையறையில் கொசுவர்த்தி கொளுத்துகிறீர்களா, வெள்ளிக்கிழமை சாம்பிராணிப் புகையைக் கட்டில் வரை கொண்டுபோகிறீர்களா என்று பாருங்கள். அது ஒவ்வாமை இல்லை, ஏற்கெனவே வீங்கியிருக்கும் மூக்கை எரிச்சலூட்டும் புகை. சாமி அறையோடு நிறுத்திக்கொண்டு, கொசுவுக்கு வலை கட்டுங்கள். அந்த வலையையும் மாதம் ஒரு முறை துவைக்க வேண்டும். புகையை நிறுத்தி மூன்று மாதமாகியும் அப்படியே இருந்தால் கரப்பான், பூனை, பூஞ்சை ஆகியவற்றுக்கும் சேர்த்துத் தோல் பரிசோதனை கேளுங்கள்.