ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டுகளை ஒரே அட்டவணையாக்குவது எப்படி?

லேப் ரிப்போர்ட் ஒவ்வொன்றும் அன்றைய ஒரு நாளைப் பற்றி மட்டுமே பேசும். எண் எல்லைக்குள் இருந்தால் சாதாரண எழுத்து, வெளியே போனால் தடித்த எழுத்து. போன தடவை எவ்வளவு இருந்தது என்று பெரும்பாலான ரிப்போர்ட்டுகளில் இருக்காது. அதனால் எல்லைக்குள்ளேயே மெல்ல மெல்ல ஏறும் ஒரு எண் யார் கண்ணிலும் படாமல் போய்விடலாம். நாலைந்து ரிப்போர்ட்டுகளை ஒரே தாளில் பக்கம் பக்கமாக வைத்தால் அது பளிச்சென்று தெரியும். கூகுள் ஷீட்ஸில் அந்தத் தாளைத் தயாரிக்கும் வழியைப் பார்ப்போம்.

உதாரணத்துக்கு 64 வயது ஆண் ஒருவரை எடுத்துக்கொள்வோம். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ளவர். சென்னையில் மூன்று முறை சோதனை எடுத்திருக்கிறார்; நடுவில் சிங்கப்பூரில் மகன் வீட்டில் இருந்தபோது ஒரு முறை. எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்தவை.

1. முதலில் ரிப்போர்ட்டுகளை அடுக்குங்கள்

எல்லா ரிப்போர்ட்டுகளையும் தேதி வாரியாக அடுக்குங்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று தேதிகள் இருக்கும்: ரத்தம் எடுத்தது, லேபுக்கு வந்தது, ரிப்போர்ட் கொடுத்தது. நமக்கு வேண்டியது ரத்தம் எடுத்த தேதி மட்டும். சில சோதனைகளின் முடிவு வர மூன்று நாள் கூட ஆகும். ரிப்போர்ட் தேதியைப் போட்டால் ஒரே ஊசியில் எடுத்த ரத்தம் இரண்டு நாள் எடுத்தது போலத் தெரியும்.

அப்புறம், எந்தச் சோதனைகள் வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். முழு ரத்தப் பரிசோதனையில் மட்டுமே இருபதுக்கு மேல் வரிகள் வரும். அத்தனையையும் ஏற்ற வேண்டியதில்லை. டாக்டர் ஒவ்வொரு முறையும் எதைப் பார்க்கிறாரோ அது போதும். நம் உதாரணத்தில் நான்கு: சிறுநீரகத்தின் வேலையைக் காட்டும் கிரியாட்டினின், ஹீமோகுளோபின், பொட்டாசியம், சுமார் மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி.

2. கட்டம் போடுவது

தட்டச்சு செய்வதற்கு முன் `File > Settings` போய் `Locale` என்ற இடத்தில் `India` என்று மாற்றிவிடுங்கள். அமெரிக்க அமைப்பில் இருந்தால் 05-02-2025 என்பதை மே 2 என்று எடுத்துக்கொள்ளும். 20-07-2024 போன்றதை அது தேதியாகவே ஏற்காது. தேதியாக ஏற்றுக்கொண்டால் எண் கட்டத்தின் வலது ஓரத்தில் ஒட்டி நிற்கும். இடது ஓரத்தில் நின்றால் அது வெறும் எழுத்து என்று அர்த்தம்.

A நெடுவரிசையில் சோதனையின் பெயர், B-யில் அலகு. C முதல் ஒவ்வொரு தேதிக்கும் ஒரு நெடுவரிசை, பழையது இடது பக்கம், புதியது வலது பக்கம். முதல் வரியில் தேதி, இரண்டாவதில் லேபின் பெயர், மூன்றாவதில் குறிப்பு (வெறும் வயிறா, காய்ச்சல் இருந்ததா, மருந்து மாறியதா). நான்காவது வரியிலிருந்து முடிவுகள்.

எல்லையை எங்கே எழுதுவது என்பதுதான் முக்கியமான முடிவு. நிறைய பேர் ஓரத்தில் ஒரே ஒரு முறை 'நார்மல்' என்று எழுதி, எல்லாத் தேதிகளையும் அதோடு ஒப்பிடுகிறார்கள். இது சரிவராது. இயந்திரமும் முறையும் லேபுக்கு லேப் மாறும், அதோடு எல்லையும் மாறும். ஆகவே ஒவ்வொரு முடிவின் கீழும் அந்தந்த ரிப்போர்ட்டில் அச்சான கீழ் எல்லையையும் மேல் எல்லையையும் தனித்தனி வரியாகப் போடுங்கள். '4-11' என்று ஒரே கட்டத்தில் எழுதினால் ஷீட்ஸ் அதை நவம்பர் 4 ஆக்கிவிடும். தனி வரியாகப் போட்டால் அந்தத் தொல்லையும் இல்லை. நான்கு சோதனைகளில் முதல் இரண்டை மட்டும் இங்கே காட்டுகிறேன்.

| சோதனை | அலகு | 12-01-2024 | 20-07-2024 | 05-02-2025 | 09-08-2025 |
|---|---|---|---|---|---|
| லேப் | | சென்னை | சென்னை | சிங்கப்பூர் | சென்னை |
| குறிப்பு | | | | 97 µmol/L என்று இருந்தது | |
| கிரியாட்டினின் | mg/dL | 0.90 | 1.00 | 1.10 | 1.25 |
| கீழ் எல்லை | | 0.70 | 0.70 | 0.72 | 0.70 |
| மேல் எல்லை | | 1.30 | 1.30 | 1.18 | 1.30 |
| ஹீமோகுளோபின் | g/dL | 13.8 | 13.6 | 13.1 | 12.4 |
| கீழ் எல்லை | | 13.0 | 13.0 | 13.0 | 13.0 |
| மேல் எல்லை | | 17.0 | 17.0 | 17.0 | 17.0 |

3. அலகைப் பாருங்கள், எண்ணை அப்புறம்

சிங்கப்பூர் ரிப்போர்ட்டில் கிரியாட்டினின் 97 என்று இருந்தது, எல்லை 64 முதல் 104 வரை. அதை அப்படியே போட்டால் 1.00-க்கு அடுத்து 97 வந்து நிற்கும். அங்கே அலகு µmol/L, சென்னையில் mg/dL. கிரியாட்டினினுக்கு 88.4-ஆல் வகுத்தால் போதும்: 97 என்பது 1.10 ஆகிறது. எண்ணை மாற்றும்போது எல்லையையும் அதே 88.4-ஆல் வகுக்க வேண்டும். 64 முதல் 104 என்பது 0.72 முதல் 1.18 ஆகிறது. மூல எண்ணைக் குறிப்பு வரியில் விட்டுவைத்தால் பின்னால் யாரும் சரிபார்க்கலாம்.

இந்த 88.4 கிரியாட்டினினுக்கு மட்டும் உரியது. சர்க்கரைக்கு mmol/L-ஐ 18-ஆல் பெருக்கினால் mg/dL கிடைக்கும். கொலஸ்ட்ராலுக்கு அது 38.67. நம் ஊர் ரிப்போர்ட்டுகளுக்குள்ளேயே தடுமாற வைப்பது பிளேட்லெட். ஒரு லேப் 2.5 லட்சம் என்று போடும், இன்னொன்று 250 என்று போட்டு அலகில் ஆயிரம் என்று குறிக்கும், மூன்றாவது 2,50,000 என்று எழுதும். மூன்றும் ஒன்றேதான்.

4. எல்லை தாண்டினால் நிறம்

C4 முதல் Z4 வரை தேர்ந்தெடுத்து `Format > Conditional formatting` போங்கள். `Custom formula is` என்பதைத் தேர்ந்து, மேல் எல்லைக்கு இதை எழுதி ஒரு நிறம் கொடுங்கள்:

```
=AND(ISNUMBER(C4),ISNUMBER(C6),C4>C6)
```

கீழ் எல்லைக்கு இன்னொரு விதி, வேறு நிறத்தில்:

```
=AND(ISNUMBER(C4),ISNUMBER(C5),C4<C5)
```

இதே அமைப்பை மற்ற சோதனைகளின் முடிவு வரிகளுக்கும் கொண்டுபோக, நான்காவது வரியை நகலெடுத்து அங்கே `Paste special > Format only` கொடுங்கள்.

`ISNUMBER` எதற்கு என்றால், தைராய்டு ரிப்போர்ட்டில் சில சமயம் டிஎஸ்எச் '<0.01' என்று வரும். ஷீட்ஸுக்கு அது எண் அல்ல, எழுத்து. எழுத்தையும் எண்ணையும் ஒப்பிட்டால் எழுத்தே பெரியது என்று சொல்லும். விளைவு, மிகக் குறைவாக உள்ள டிஎஸ்எச்சுக்கு 'அதிகம்' என்ற நிறம் விழும். `ISNUMBER` இருந்தால் நிறமே விழாது. அந்தக் கட்டத்துக்கு நீங்களே கையால் நிறம் போட்டுக்கொள்ளலாம். சோதனை எடுக்காத தேதியில் கட்டத்தைக் காலியாக விடுங்கள், 0 போடாதீர்கள்.

5. எச்பிஏ1சி-க்குத் தனிக் கணக்கு

ஹீமோகுளோபினுக்கு அச்சாகும் எல்லை பொதுவாக ஆரோக்கியமானவர்களில் நூற்றுக்கு 95 பேரின் எண்கள் விழும் இடம். அதாவது ஒரு குறையும் இல்லாதவர்களிலும் இருபதில் ஒருவர் வெளியே நிற்பார். எச்பிஏ1சி அப்படியில்லை. 5.7-க்குக் கீழே சாதாரணம், 6.5-ம் அதற்கு மேலும் சர்க்கரை நோய் என்பது நோயைக் கண்டுபிடிக்க வைத்த கோடு. ஏற்கெனவே சர்க்கரை உள்ளவருக்கு அந்தக் கோட்டைப் போட்டால் எல்லாக் கட்டமும் சிவப்பாகத்தான் இருக்கும். அதில் தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை. அவருக்கு டாக்டர் சொன்ன இலக்கை மேல் எல்லையாகப் போடுங்கள். பலருக்கு அது 7. வயதானவர்களுக்கும் அடிக்கடி சர்க்கரை இறங்கிவிடுபவர்களுக்கும் கொஞ்சம் தளர்த்திச் சொல்வார்கள். வரியின் பெயரையும் 'மேல் எல்லை' என்பதிலிருந்து 'இலக்கு' என்று மாற்றிவிடுங்கள்.

6. இப்போது படிப்பது

கிரியாட்டினின் வரியைப் பாருங்கள். நான்கு கட்டத்திலும் நிறமே இல்லை, எல்லாமே எல்லைக்குள். ஆனால் 0.90 ஆக இருந்தது ஒன்றரை வருடத்தில் 1.25 ஆகியிருக்கிறது, ஏறத்தாழ 39 சதவீதம் கூடுதல். சிறுநீரகம் வடிகட்டும் வேகத்தை மதிப்பிடும் ஈஜிஎஃப்ஆர் கணக்கில் (2021-ல் வந்த சிகேடி-எபி சூத்திரம்) இந்த வயது ஆணுக்கு இது சுமார் 95-லிருந்து சுமார் 64-க்கு இறங்கியதற்குச் சமம். நான்கு ரிப்போர்ட்டில் ஒன்றில்கூடக் கிரியாட்டினின் தடித்த எழுத்தில் வந்திருக்காது.

உடனே பயப்படவும் வேண்டாம். 1.00 1.10 ஆனதை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஒரே ஆளுக்கு ஒரே வாரத்தில் இரண்டு முறை எடுத்தாலும் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். முந்தின இரவு கறி நிறையச் சாப்பிட்டிருந்தாலும் ஏறும். கிரியாட்டினினை அளக்க யாஃபே முறை, என்சைம் முறை என்று இரண்டு வழக்கில் உண்டு. லேப் மாறும்போது முறையும் மாறினால் எண் சற்று நகரும். அதனால்தான் லேபின் பெயருக்கு ஒரு வரி கேட்டேன். நம் உதாரணத்தில் முதல், இரண்டாவது, நான்காவது ஒரே லேப் என்றால், அந்த மூன்றை மட்டும் பார்த்தாலும் 0.90, 1.00, 1.25. ஏற்றம் அப்படியே இருக்கிறது. லேப் மாற்றத்தால் வந்தது என்று தள்ளிவிட முடியாது.

இதற்கு நேர்மாறான கதை பொட்டாசியம். 4.4, 4.6, 4.5 என்று வந்து கடைசியில் திடீரென 5.6, எல்லை 3.5 முதல் 5.1. நிறம் விழுந்துவிட்டது. ரிப்போர்ட்டின் அடியில் சின்ன எழுத்தில் 'ஹீமோலைஸ்டு சாம்பிள்' என்று இருக்கிறதா என்று பாருங்கள். ரத்தம் எடுக்கும்போதோ கொண்டுபோகும்போதோ சிவப்பணுக்கள் உடைந்தால் உள்ளே இருக்கும் பொட்டாசியம் வெளியே கொட்டி எண்ணை ஏற்றிவிடும். அதைக் குறிப்பு வரியில் எழுதுங்கள், ஆனால் கட்டத்தை அழிக்காதீர்கள். உண்மையிலேயே ஏறிய பொட்டாசியம் இதயத் துடிப்பைப் பாதிக்கும். ஆகவே குறிப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அன்றே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். மறுபடி எடுக்கச் சொல்வார். மறு சோதனையில் 4.7 வந்தால் அதற்கு ஒரு புது நெடுவரிசை, மற்ற வரிகள் காலி.

வரைபடம் போடலாமா என்றால், நான்கைந்து தேதிக்குத் தேவையில்லை என்பேன். வரைபடத்தின் செங்குத்துக் கோடு 0.9-ல் தொடங்குகிறதா 0-ல் தொடங்குகிறதா என்பதைப் பொறுத்து அதே எண்கள் மலையாகவும் தெரியும், சமவெளியாகவும் தெரியும்.

7. டாக்டரிடம் கொண்டுபோக

`File > Print` போய் `Landscape`, `Fit to width` கொடுத்தால் ஏ4 தாள் ஒன்றில் அடங்கிவிடும். அச்சடிக்கும் முன் வேறொருவரை உட்காரவைத்து, அவர் ரிப்போர்ட்டைப் படிக்க நீங்கள் தாளில் சரிபாருங்கள், 1.25 என்பது 12.5 ஆவது தசமப் புள்ளி நகர்வதால்தான். மேலே பெயர், வயது, இப்போது சாப்பிடும் மருந்துகள் எழுதுங்கள். மருந்து மாறிய தேதி தெரிந்தால் குறிப்பு வரியில் அந்த இடத்தில் போடுங்கள். ரத்த அழுத்த மருந்துகளில் சில கிரியாட்டினினையும் பொட்டாசியத்தையும் கொஞ்சம் ஏற்றும், அதை டாக்டர் கணக்கில் எடுத்துக்கொள்வார். இந்தத் தாளைப் பார்த்து நீங்களாக எந்த மருந்தையும் நிறுத்தவோ கூட்டவோ வேண்டாம். அசல் ரிப்போர்ட்டுகளையும் பையில் எடுத்துப் போங்கள், ஏதாவது ஒரு எண்ணை அவர் அங்கேயே சரிபார்க்கக் கேட்பார்.