காலி நாளுக்கு 0-வா, NULL-ஆ?
தினசரி மீன்வரத்து டேபிளை வைத்திருக்கும் டீமிடம் டேட்டா கான்ட்ராக்ட் எழுதி வாங்கும்போது, மீன்பிடி இல்லாத நாளுக்கு 0 வருமா, NULL வருமா என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். மாற்றுவதானால் முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்றும் எழுதிக்கொள்ளுங்கள்.

பாம்பன் விசைப்படகு மீன்வரத்தையே எடுப்போம். ஏப்ரல் 15-இல் தடைக்காலம் தொடங்கிவிடும். முந்தைய 14 நாளும் தினம் 10 டன் என்று வைத்துக்கொண்டால், NULL நாட்களை AVG விட்டுவிடும். ஏப்ரல் சராசரி 10. யாரோ அவற்றை 0 ஆக்கினால் 140-ஐ 30-ஆல் வகுத்து 4.67 காட்டும். எரர் வராது, SUM-உம் மாறாது, அதுதான் தொல்லை. மொத்தம் அப்படியே இருந்து சராசரி மட்டும் விழுந்தால் இதைச் சந்தேகப்படுங்கள்.

டேபிளும் ரிப்போர்ட்டும் ஒரே ஆள் கையில் என்றால் இந்த எழுத்து வேலை வேண்டாம். நாட்டுப்படகுக்குத் தடைக்காலம் கிடையாது. அங்கே NULL என்றால் பெரும்பாலும் பதிவு விட்டுப்போயிருக்கும்.