தமிழில் ஒரு பாந்தும் எழுதுவது எப்படி: எட்டு வரிகள், பதினாறு இடங்கள்

ஒரே வரி ஒரு கவிதைக்குள் இரண்டு முறை வர வேண்டும், ஆனால் இரண்டாவது முறை வேறொன்றைச் சொல்ல வேண்டும். பாந்தும் என்ற வடிவத்தின் முழு வேலையும் இதுதான். விதிகள் பல இடங்களில் கிடைக்கின்றன. ஆனால் தமிழில் எழுத உட்கார்ந்தால் அந்த விதிகளில் சொல்லப்படாத ஒரு சிக்கல் வருகிறது: நம் வினைச்சொல்லின் விகுதி. இந்தப் பதிவில் பாதி அதைப் பற்றியதுதான்.

வடிவம் எங்கிருந்து வந்தது என்பதை இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். மலாய் மொழியின் பந்துன் நான்கு அடிப் பாடல். முதல் இரண்டு அடிகள் ஒரு காட்சியைக் காட்டும், அடுத்த இரண்டு அடிகள் சொல்ல வந்ததைச் சொல்லும். இப்பாடல்களைச் சங்கிலியாகக் கோத்துப் பாடும் வகைக்குப் பந்துன் பெர்காயிட் என்று பெயர். 1829இல் விக்தோர் ஹியூகோ தன் கவிதைத் தொகுப்பின் குறிப்புகளில் அப்படி ஒரு பாடலின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பைச் சேர்த்தார். அதற்குப் பிறகு அந்தச் சங்கிலி வகைதான் ஐரோப்பாவில் பாந்தும் என்று பரவியது.

செஸ்டினாவை ஏன் எடுக்கவில்லை என்று கேட்பவர்களுக்கு: அது 39 அடி. ஆறு சொற்கள் அடிகளின் கடைசியில் நின்று, பத்தி தோறும் இடம் மாறிக்கொண்டே இருக்க வேண்டும். தமிழில் அடியின் கடைசி இடம் பெரும்பாலும் வினைக்குரியது. ஆறு வினைகளை ஏழு பத்திக்கு இழுப்பதைவிட, முழு வரியைத் திரும்பச் சொல்லும் பாந்தும் நம் மொழிக்கு இயல்பாகப் பொருந்துகிறது. அந்தாதியில் பழகிய காதுக்கு இன்னும் எளிது. முடிவு தொடக்கத்தோடு சேரும் மண்டலித்தல்கூட இதில் உண்டு.

முதலில் சட்டகம்

நான்கு பத்திகள், ஒவ்வொன்றிலும் நான்கு வரிகள். ஒரு பத்தியின் 2ஆம், 4ஆம் வரிகள் அடுத்த பத்தியின் 1ஆம், 3ஆம் வரிகளாக வரும். கடைசிப் பத்தியில் மட்டும், முதல் பத்தியின் 3ஆம் வரி இரண்டாவது இடத்திலும், கவிதையின் முதல் வரி கடைசி இடத்திலும் வந்து நிற்கும். எண்களால் எழுதினால்:

```
1 2 3 4
2 5 4 6
5 7 6 8
7 3 8 1
```

நீங்கள் எழுத வேண்டியவை எட்டு வரிகள் மட்டுமே. மற்ற எட்டு இடங்களும் தானாக நிரம்பும். வரிக்கு மூன்று அல்லது நான்கு சீர் போதும். பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் இதற்கு இயைபுத்தொடை போன்ற ஒலி ஒழுங்கும் உண்டு. முதல் முயற்சியில் அதை விட்டுவிடுங்கள். திரும்ப வரும் வரியே போதுமான ஓசையைத் தருகிறது.

கருவிகளைப் பொறுத்தவரை, தாளைவிட விரிதாளையே பரிந்துரைப்பேன். A நிரலில் 16 வரிசைகளை எடுத்துக்கொண்டு, திரும்பும் இடங்களில் மட்டும் சூத்திரம் இடுங்கள்:

```
A5  =A2     A7  =A4
A9  =A6     A11 =A8
A13 =A10    A14 =A3
A15 =A12    A16 =A1
```

1, 2, 3, 4, 6, 8, 10, 12 ஆகிய வரிசைகளில் தட்டச்சு செய்தால் போதும். ஒரு வரியில் ஒரு சொல்லை மாற்றிய உடனேயே அது இன்னொரு இடத்தில் எப்படி ஒலிக்கிறது என்று தெரிந்துவிடும். வெட்டி ஒட்டி எழுதினால் ஓரிடத்தில் திருத்தி மற்றதை மறந்துவிட நேரும். நிறுத்தற்குறி எதையும் இப்போது இடாதீர்கள். காரணம் பின்னால் வருகிறது.

வினை விகுதி என்ற முட்டுக்கட்டை

இதில்தான் நான் அதிக நேரம் நின்றேன். ஆங்கிலப் பாந்தும்களில் ஒரு வரி எளிதாக ஆள் மாறிவிடுகிறது. தமிழில் “நடந்து வந்தாள்” என்று எழுதிவிட்டால் அவள் பெண், ஒருத்தி, வந்து முடித்துவிட்டாள். மூன்றையும் விகுதியும் காலமும் பூட்டிவிடுகின்றன. இரண்டாவது முறை அந்த வரி வரும்போது அதே பெண் மறுபடியும் நடந்து வருகிறாள், அவ்வளவுதான். வாசகர் அதைத் தாண்டிப் போய்விடுவார்.

அதனால் விகுதி பூட்டாத வினைகளைத் தேடுங்கள். வேண்டும், வேண்டாம், இல்லை, போதும், தெரியும், முடியாது. இவை யாருக்கு என்று சொல்வதில்லை. “போய்விட வேண்டும்” என்பது நானாக இருக்கலாம், அவளாக இருக்கலாம், நாம் எல்லோருமாகவும் இருக்கலாம். முன்னும் பின்னும் நிற்கும் வரிதான் ஆளைத் தீர்மானிக்கும்.

இரண்டாவது வாசல் இன்னும் அழகானது. செய்யும் என்னும் வாய்பாட்டில் முற்றும் பெயரெச்சமும் ஒரே உருவம். “விளக்கு எரியும்” என்றால் வாக்கியம் முடிந்துவிட்டது. அடுத்த வரி “வீடு” என்று தொடங்கினால், “விளக்கு எரியும் வீடு” ஆகிவிடுகிறது. ஓர் எழுத்தைக்கூடத் தொடாமல் முடிந்த வாக்கியம் முடியாத வாக்கியமாகிறது. வேறு மொழிகள் காற்புள்ளியையும் முற்றுப்புள்ளியையும் இடம் மாற்றிச் செய்வதை நம் இலக்கணமே செய்து தருகிறது.

மூன்றாவதாக எதிர்காலம். “வருவார்” என்பது இனி வருவதையும் சொல்லும், அந்தக் காலத்தில் வழக்கமாக வந்ததையும் சொல்லும். இழப்பைப் பற்றி எழுதுபவர்களுக்கு இதைவிட உதவும் வினை வடிவம் கிடையாது.

எந்தப் பொருளை எடுப்பது

கதை சொல்ல இந்த வடிவம் உதவாது. ஒவ்வொரு பத்தியும் இரண்டடி முன்னே வைத்து ஓரடி பின்னே வருவதால் நிகழ்ச்சிகள் நகர மாட்டா. தானாகவே சுற்றி வரும் பொருளை எடுங்கள்: காத்திருப்பு, குற்ற உணர்வு, மறதி. நான் எடுத்துக்கொண்டது, நினைவு தப்பிய ஒரு தாய். அவள் உண்மையிலேயே ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பாள், அதனால் வடிவத்தின் கட்டாயமும் அவளுடைய நிலையும் ஒன்றாகிவிடுகின்றன.

எழுதும் வரிசை 1, 2, 3 அல்ல. முதலில் 1ஐயும் 3ஐயும் எழுதுங்கள், ஏனென்றால் இவை இரண்டும்தான் கடைசிப் பத்தியில் திரும்புகின்றன. முதல் வரி சாதாரணமானதாக இருக்கட்டும். “நிலவு வெள்ளிக் காசாய் உருண்டது” போன்ற உவமை வரி முதல் முறையிலேயே தன்னிடம் இருப்பதை எல்லாம் கொடுத்துவிடுகிறது, திரும்ப வரும்போது கொடுக்க ஒன்றும் மிச்சமில்லை. தினமும் வீட்டில் பேசும் வாக்கியத்துக்கு அந்தச் சோர்வு கிடையாது. நான் எடுத்த முதல் வரி “எப்போது வந்தாய், சாப்பிட்டாயா”. மூன்றாவது “பெயர் மட்டும் நினைவில் இல்லை”. யாருடைய பெயர் என்று அதில் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

நிறுத்தற்குறிகளோடு முழுக் கவிதை:

> எப்போது வந்தாய், சாப்பிட்டாயா?
> வாசலில் விளக்கு எரியும்.
> பெயர் மட்டும் நினைவில் இல்லை.
> கதவைத் திறந்தே வைக்க வேண்டும்.
>
> வாசலில் விளக்கு எரியும்
> வீடு ஒன்று இருந்தது.
> கதவைத் திறந்தே வைக்க வேண்டும்;
> அப்பா இரவு வண்டியில் வருவார்.
>
> வீடு ஒன்று இருந்தது,
> மழைக்கு முன் போய்விட வேண்டும்.
> அப்பா இரவு வண்டியில் வருவார்,
> இப்போது ஒன்றும் சொல்ல வேண்டாம்.
>
> மழைக்கு முன் போய்விட வேண்டும்.
> பெயர் மட்டும் நினைவில் இல்லை.
> இப்போது ஒன்றும் சொல்ல வேண்டாம்:
> எப்போது வந்தாய், சாப்பிட்டாயா?

ஒவ்வொரு வரியையும் சோதிப்பது

ஒரு வரியின் இரண்டு இடங்களையும் எடுத்து மூன்று கேள்விகள் கேளுங்கள். யார் சொல்கிறார், யாரிடம் சொல்கிறார், எந்தக் காலத்தில் நின்று சொல்கிறார். மூன்றுக்கும் விடை மாறவில்லை என்றால் அது பல்லவி. பாட்டுக்கு நல்லது, இங்கே வீண். ஒன்றாவது மாற வேண்டும்.

மேலே உள்ள கவிதையில் பார்க்கலாம். “விளக்கு எரியும்” முதல் பத்தியில் இன்றைய வாசல். இரண்டாம் பத்தியில் அது பெயரெச்சமாகி, இல்லாமல் போன ஒரு பழைய வீட்டுக்கு அவளைக் கொண்டுபோய்விடுகிறது. “பெயர்” முதலில் வந்திருக்கும் பிள்ளையின் பெயர். கடைசியில், போக வேண்டும் என்று அவள் துடிக்கும் ஊரின் பெயர். “ஒன்றும் சொல்ல வேண்டாம்” மூன்றாம் பத்தியில் அம்மாவின் குரல்: வரப்போகும் அப்பாவிடம் எதையோ மறைக்கச் சொல்கிறாள். நான்காம் பத்தியில் அது பிள்ளையின் முடிவு, அப்பா இனி வர மாட்டார் என்பதை அவளிடம் சொல்லப்போவதில்லை.

அடுத்த வரி முதல் வரியே. இப்போது கேட்பது யார்? எல்லாவற்றையும் மறந்துவிட்டு அம்மா மறுபடியும் கேட்கிறாள் என்று படிக்கலாம். பேச்சை மாற்றுவதற்காகப் பிள்ளை அம்மாவிடம் கேட்பதாகவும் படிக்கலாம். சொல்லாமல் விட்ட செய்தியின் இடத்தில் அந்தக் கேள்வி வந்து நிற்கிறது. முதல் முறை அது விருந்தோம்பல் மட்டுமே. இடையில் வந்த பதினான்கு வரிகளும்தான் அதன்மேல் இந்தச் சுமையை ஏற்றின.

என் கவிதையில் எனக்கே நிறைவு தராத இடம் “கதவைத் திறந்தே வைக்க வேண்டும்”. இரண்டு இடத்திலும் ஏறக்குறைய ஒரே ஆள் சொல்வதுபோல இருக்கிறது; காரணம் மட்டும் இரண்டாவது முறை வெளிப்படுகிறது. எட்டில் ஒன்று அப்படி இருந்தால் கவிதை தாங்கும். மூன்று இருந்தால் தாங்காது.

பின்சேர்க்கை: வாசகர்கள் கேட்டவை

ஒருவர் ஒற்று மிகுதலில் சிக்கியிருந்தார். அவருடைய வரி “வீட்டை” என்று முடிந்தது. முதல் இடத்தில் அடுத்த வரி “எண்ணி” என்று தொடங்கியது, தொல்லை இல்லை. இரண்டாவது இடத்தில் அடுத்த வரி “திறந்து” என்று தொடங்கவே, “வீட்டைத்” என்று எழுத வேண்டியதாயிற்று. வரி மாறிவிடவில்லையா என்று கேட்டார். ஓர் ஒற்றெழுத்தால் வடிவம் உடையாது, இட்டுக்கொள்ளலாம். ஆனால் ஐ உருபிலோ செய என்னும் எச்சத்திலோ முடியும் வரிக்கு வேறு குறை உண்டு. அது எப்போதும் ஒரே வகை வினையை எதிர்பார்த்து நிற்கும், இரண்டாம் இடத்தில் திரும்ப இடமே இருக்காது. வரியை முற்றில் முடிப்பது பாதுகாப்பு.

சொற்களை மாற்றலாமா என்று பலர் கேட்டார்கள். நிறைய கவிஞர்கள் மாற்றுகிறார்கள். முதல் கவிதையில் மாற்றாதீர்கள் என்பதே என் கருத்து. நிறுத்தற்குறி மட்டும் மாறலாம். அதனால்தான் அதைக் கடைசி வரை தள்ளிவைக்கச் சொன்னேன். விரிதாளிலிருந்து எடுத்து வேறு கோப்பில் ஒட்டிய பிறகு குறிகளை இடுங்கள், இல்லாவிட்டால் சூத்திரம் குறியையும் சேர்த்து இரண்டாம் இடத்துக்குக் கொண்டுபோய்விடும்.

நான்கு பத்திக்கு மேல் நீட்டலாமா என்பது இன்னொரு கேள்வி. நீட்டலாம், வடிவத்துக்கு உச்ச வரம்பு கிடையாது. ஒவ்வொரு கூடுதல் பத்திக்கும் இரண்டு புதிய வரிகள் எழுத வேண்டும். 3ஆம் வரியும் 1ஆம் வரியும் திரும்புவது எப்போதும் கடைசிப் பத்தியில் மட்டும். அப்படி நீட்டும்போது நடுவில் வரும் வரிகள் தம் இரண்டாம் இடத்தை உடனே அடுத்த பத்தியிலேயே அடைந்துவிடுகின்றன, முதல் வரியும் மூன்றாம் வரியும் மட்டும் நெடுந்தொலைவு காத்திருக்கின்றன. ஆறு பத்திக்கு மேல் போனால் வாசகருக்கு மூன்றாம் வரி மறந்தேபோய்விடும். அப்படியானால் அந்த வரியில் எளிதில் மறக்காத ஒரு பொருளின் பெயரை வைத்துக்கொள்ளுங்கள்.