ஒளிச்சேர்க்கைப் பாடத்தை ஒரு பக்கத்துக்குள் அடக்குவது எப்படி?

முதலில் பேனாவைத் தொடாமல் பாடத்தை ஒரு முறை முழுதாக வாசியுங்கள். வாசித்துக்கொண்டே குறிப்பெடுத்தால் எது முக்கியம் என்று தெரியாமல், பாதிப் புத்தகத்தையும் நோட்டில் எழுதிவிடுவோம்.

அடுத்தது தலைப்புகள். “ஒளிவினை” என்று மட்டும் எழுதினால், ஒரு மாதம் கழித்துப் பார்க்கும்போது அது எதையும் நினைவூட்டாது. நடப்பது என்ன என்பதைத் தலைப்பே சொல்லட்டும்:

ஒளிவினை: நீர் பிளக்கிறது, ஆக்சிஜன் வெளியேறுகிறது
இருள்வினை: கார்பன் டைஆக்சைடு சர்க்கரையாகிறது

ஒவ்வொரு தலைப்பின் கீழும் இரண்டு மூன்று வரிகள் போதும். புத்தகத்தை மூடிவைத்து உங்கள் சொற்களில் எழுதுங்கள். பிறகு திறந்து சரிபாருங்கள். இடங்களை மட்டும் புத்தகத்தில் உள்ளபடியே குறியுங்கள்: ஒளிவினை பசுங்கணிகத்தின் தைலகாய்டு சவ்வில், இருள்வினை ஸ்ட்ரோமாவில்.

இனி கருத்து வரைபடம். பெயர்ச்சொற்களைப் பெட்டிக்குள் எழுதுங்கள், வினைச்சொற்களை அம்பின் மேல் எழுதுங்கள். பலரும் வெறும் அம்பு போட்டு நிறுத்திவிடுகிறார்கள். இரண்டு பெட்டிகளுக்கும் ஏதோ தொடர்பு உண்டு என்பதற்கு மேல் அந்த அம்பு எதையும் சொல்வதில்லை.

```
சூரிய ஒளி —இயக்குகிறது→ ஒளிவினை
நீர் —பிளந்து தருகிறது→ ஆக்சிஜன்
ஒளிவினை —உண்டாக்குகிறது→ ATP, NADPH
ATP, NADPH —ஆற்றல் தருகின்றன→ இருள்வினை
கார்பன் டைஆக்சைடு —நுழைகிறது→ இருள்வினை
இருள்வினை —உருவாக்குகிறது→ சர்க்கரை
```

தாளில் வரையும்போது ஒரே பெயரை இரண்டு முறை எழுதாமல், ஒரே பெட்டிக்கு எல்லா அம்புகளையும் கொண்டுவாருங்கள். பெட்டிகள் பத்தைத் தாண்டினால் படத்தை இரண்டாகப் பிரித்துவிடலாம்.

இப்படி வரைவதன் உண்மையான பயன் தவறான புரிதல் வெளிப்படுவதுதான். ஆக்சிஜனுக்கான அம்பைக் கார்பன் டைஆக்சைடிலிருந்து தொடங்கியிருந்தால், அதை உடனே திருத்துங்கள். வெளியேறும் ஆக்சிஜன் நீரிலிருந்து வருகிறது. இருள்வினை இரவில் நடக்கும் என்று நினைத்திருந்தால், நான்காவது அம்பைப் பாருங்கள். ஒளி நின்றால் ATP, NADPH வரத்து நிற்கும். சற்று நேரத்தில் இருள்வினையும் நின்றுவிடும். அந்த வினைக்கு நேரடியாக ஒளி தேவையில்லை என்பதைத்தான் பெயர் குறிக்கிறது. மனப்பாடம் செய்த பத்தி இந்தக் குழப்பத்தை மறைத்துவிடும், அம்பு மறைக்காது.

சமன்பாட்டைப் படத்துக்குள் திணிக்க வேண்டாம். அணுக்களின் எண்ணிக்கையை அம்புகளால் காட்ட முடியாது என்பதால், அதைப் பக்கத்தின் அடியில் தனியே எழுதுங்கள்:

```
6CO2 + 12H2O → C6H12O6 + 6H2O + 6O2
```

மறுநாள் வெற்றுத்தாளில் படத்தை நினைவிலிருந்து வரையுங்கள். எந்த அம்பு விடுபட்டதோ, எந்த அம்பின் மேல் வினைச்சொல் வரவில்லையோ, புத்தகத்தில் அந்தப் பத்தியை மட்டும் மறுபடி வாசித்தால் போதும்.