ஸ்லைடில் UDP, குரலில் UTP: பேச்சுப் பிரதி எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆங்கில ஸ்லைடுகளை வைத்து தமிழில் விளக்கும் பாட வீடியோக்களுக்குப் பிரதி எழுதப் புதிதாக வருபவர்களின் வேலையைத் திருத்திக் கொடுப்பதில் என் நாளில் பாதி போகிறது. ஒற்றுப்பிழை, நீளமான வாக்கியம் போன்றவற்றை இங்கே தொடப்போவதில்லை. குரல் கொடுப்பவர் அனுபவசாலி என்றால் அவற்றை வாசிக்கும்போதே சமாளித்துவிடுவார். அவரால் சமாளிக்க முடியாதது, ஸ்லைடில் இருக்கும் ஆங்கிலப் பெயரையும் சுருக்கத்தையும் எப்படி உச்சரிப்பது என்பதுதான். மைக் முன்னால் உட்காரும்போது அவர் கையில் பிரதி மட்டும்தான் இருக்கும், ஸ்லைடு இருக்காது. பாடமும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை.

நான் அதிகம் பார்ப்பது கணினி நெட்வொர்க் பாடங்கள். அதனால் உதாரணங்களும் அங்கிருந்தே வருகின்றன.

சுருக்கத்தைத் தமிழ் எழுத்தில் மட்டும் எழுதிவிடுவது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டுவது இதுதான். UDP என்று ஸ்லைடில் இருக்கிறது. பிரதியில் 'யூடிபி' என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். எழுதியவருக்கு அது UDP. ஏனென்றால் அவர் ஸ்லைடைப் பார்த்துக்கொண்டே எழுதினார். வாசிப்பவருக்கு?

தமிழில் பகரத்துக்கும் டகரத்துக்கும் ஓசை அவை நிற்கும் இடத்தைப் பொறுத்தது. 'படம்' என்பதில் ப வன்மையாக ஒலிக்கிறது, 'சபை' என்பதில் மென்மையாக ஒலிக்கிறது. உயிரோசைகளுக்கு நடுவே வரும் ட எப்போதும் மென்மைதான். இந்தப் பழக்கத்தோடு 'யூடிபி' என்று சேர்த்து எழுதியதை அப்படியே வாசித்தால் வருவது UDB. அப்படி ஒன்று பாடத்திலேயே இல்லை. சரி, பிரித்து 'யூ டி பி' என்று எழுதினால்? அப்போது வழிகாட்ட எந்த விதியும் இல்லை. தமிழ்ச் சொல் எதுவும் டகரத்தில் தொடங்காது. கடன் வாங்கிய சொற்களிலோ டீக்கடையும் டாக்டரும் ஒரே எழுத்தில்தான் தொடங்குகின்றன. பேனாவும் பேட்டரியும் அப்படித்தான். வாசிப்பவர் ஊகிக்க வேண்டியதுதான், அந்த ஊகம் பாதி நேரம் தப்பாகப் போகும்.

தப்பினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பாடத்தைச் சொல்கிறேன். முதல் பாதியில் UTP கேபிள் வருகிறது, அதாவது அலுவலகங்களில் சுவரோரம் ஓடும், ஒன்றோடொன்று முறுக்கிய செம்புக் கம்பிகள் கொண்ட சாதாரண நெட்வொர்க் கேபிள். இரண்டாம் பாதியில் UDP வருகிறது, போய்ச் சேர்ந்ததா என்று கேட்டுக்கொண்டிருக்காமல் பாக்கெட்டை அனுப்பிவிடும் நெறிமுறை. இரண்டையும் இணைக்க எழுதியவர் அழகாக ஒரு வாக்கியம் வைத்திருந்தார்: 'நாம் பார்த்த யூடிபி கேபிள் வழியாகத்தான் இந்த யூடிபி பாக்கெட்டும் போகிறது.'

குரல் கொடுத்தவர் உள்ளேயிருந்து, "சார், ஒரே வார்த்தை ரெண்டு தடவை வந்திருக்கு, ஒண்ணை எடுத்துடவா?" என்று கேட்டிருக்கிறார். வெளியே உட்கார்ந்திருந்தவர் ஒலிப்பதிவுக்காரர். அவரும் பிரதியைப் பார்த்துவிட்டு எடுத்துவிடச் சொல்லிவிட்டார். அவர்கள்மேல் குற்றமே இல்லை. பிரதியில் இருந்தது ஒரே சொல்தான்.

வீடியோ எடிட்டிங் எல்லாம் முடிந்து பாட ஆசிரியர் கேட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் மறுபடி பதிவுசெய்து ஒட்டினால் போதும் என்று நினைப்பீர்கள். வேறொரு நாள் பேசிய குரல் பழைய குரலோடு ஒட்டாது, வேகமும் மைக்கிலிருந்து இருக்கும் தூரமும் மாறியிருக்கும். அதோடு அந்தப் பாடம் முழுக்க UDP வரும் இடத்திலெல்லாம் ஒருமுறை T, ஒருமுறை D என்று மாறி மாறி விழுந்திருந்தது. கடைசியில் இரண்டாம் பாதி முழுவதையும் திரும்பப் பதிவுசெய்தார்கள். ஸ்டூடியோவுக்கு மணிக்கணக்கில்தான் வாடகை.

இது ஏதோ அபூர்வமான ஜோடி என்று நினைக்க வேண்டாம். இணையத்தின் பெரிய நெட்வொர்க்குகள் ஒன்றுக்கொன்று வழி சொல்லிக்கொள்ளும் BGP, மின்னஞ்சலைப் பூட்டி அனுப்பும் PGP இரண்டும் 'பிஜிபி'. டேட்டாபேஸைக் குறிக்கும் DB, டெராபைட்டைக் குறிக்கும் TB, டெசிபெல்லைக் குறிக்கும் dB மூன்றும் 'டிபி'. முழுச் சொற்களிலும் இதே சிக்கல் உண்டு. port, board இரண்டும் 'போர்ட்'. சர்வர் பாடத்தில் இவை ஒரே பத்தியில் வரும்.

தீர்வு நம் வீட்டு அலமாரியிலேயே இருக்கிறது. தமிழ் எழுத்தில் அச்சான வடமொழி ஸ்தோத்திரப் புத்தகங்களில் க, ட, ப போன்ற எழுத்துகளோடு 2, 3, 4 என்று குட்டி எண்கள் இருக்குமே, அதேதான். அங்கே 3 என்றால் மென்மையான ஒலி. ஆங்கிலச் சுருக்கங்களுக்கு 2, 4 தேவைப்படாது, 3 மட்டும் போதும். எண் இல்லையென்றால் வன்மை, ³ இருந்தால் மென்மை. எழுத்து எந்த இடத்தில் நின்றாலும் இதுவே விதி:

```
UTP     யூ-டி-பி
UDP     யூ-டி³-பி
BGP     பி³-ஜி-பி
PGP     பி-ஜி-பி
port    போர்ட்
board   போ³ர்ட்³
```

இடப்பக்கம் ஸ்லைடில் உள்ளபடி ஆங்கில எழுத்து, வலப்பக்கம் ஒலி. இந்தப் பட்டியலைப் பிரதியின் முதல் பக்கத்தில் வையுங்கள். உள்ளே வாக்கியங்களிலும் ஒவ்வொரு முறையும் ³ போடுங்கள். முதல் தடவை போட்டாயிற்று, இனி அவருக்கே தெரியும் என்று விடுவது புதியவர்களின் வழக்கம். பதிவு வரிசைப்படி நடக்காது. ஏழாம் பக்கத்தை முதலில் பதிவுசெய்வார்கள், விட்டுப்போன ஒரு பத்தியை அடுத்த வாரம் பேச வைப்பார்கள்.

³ குறிக்குப் பதிலாக அடிக்கோடு போடலாமே என்று சிலர் கேட்பார்கள். காகிதத்தில் பேனாவால் திருத்துவதென்றால் தாராளமாகப் போடலாம். கோப்பாக அனுப்பினால், யாராவது வாட்ஸ்அப்பில் ஒட்டும்போது அடிக்கோடு காணாமல் போகும், ³ போகாது. ஆனால் குரல் கொடுப்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்ட ஓர் இடத்தில் 'யூ-டி-த்ரீ-பி' என்று தெளிவாக வாசித்து வைத்திருந்தார்கள்.

வேற்றுமை உருபை வெட்டி ஒட்டுவது

'TCP-ஐப் பயன்படுத்தி' என்று எழுதுகிறார்கள். கண்ணுக்கு இதில் தவறே தெரியாது. வாய்விட்டு வாசித்துப் பாருங்கள்: 'டி-சி-பி-ஐ-ப்-ப…' கேட்பவருக்கு அது TCP/IP என்று சொல்ல ஆரம்பித்தது போல இருக்கும். ஆங்கில I-யும் தமிழ் இரண்டாம் வேற்றுமையும் ஒரே ஒலி என்பதால், சுருக்கத்தின் பின்னால் தனியாக நிற்கும் 'ஐ' எப்போதும் இன்னோர் எழுத்தாகத்தான் காதில் விழும்.

பேசும்போது உருபு எப்படி ஒட்டுகிறதோ அப்படியே எழுதிக் கொடுங்கள். டி-சி-பியை, யூ-டி³-பிக்கு, யூ-எஸ்-பி³யில், டி³-என்-எஸ்ஸில். சொல்லாக ஒலிப்பவற்றில் இரட்டிப்பும் வரும்: NAT-ஐ என்பது நேட்டை, LAN-இல் என்பது லேனில், RAM-க்கு என்பது ரேமுக்கு. 'லேன் இல்' என்று வாசித்தால் வீட்டில் யாரோ இல்லை என்பது போல ஒலிக்கும்.

எழுத்தெழுத்தாகவா, ஒரே சொல்லாகவா என்று சொல்லாமல் விடுவது

DNS, OSPF எழுத்தெழுத்தாக வரும். LAN, NAT, ARP சொல்லாக வரும். VLAN பாதி இது, பாதி அது: வி-லேன். CIDR என்பதைப் பார்த்தால் எழுத்தெழுத்தாகச் சொல்லத்தான் தோன்றும், நெட்வொர்க்காரர்கள் 'சைட³ர்' என்பார்கள். IEEE என்றால் ஐ-ட்ரிபிள்-ஈ, வரிசையாக மூன்று ஈ அல்ல.

நான் வைத்திருக்கும் விதி, ஹைபன் இருந்தால் தனித்தனியாக, இல்லையென்றால் ஒரே மூச்சில். இதில் இன்னொரு லாபமும் உண்டு. N என்ற எழுத்தை இடைவெளி விட்டு 'என்' என்று எழுதினால் 'என்னுடைய' என்றும் படிக்கலாம். ஹைபன்களுக்கு நடுவே நின்றால் அந்தக் குழப்பம் வராது.

மனிதர் பெயரை எழுத்துக்கூட்டி எழுதுவது

OSPF பாடம் என்றால் Dijkstra வந்தே தீருவார். அவர் 1959-இல் வெளியிட்ட, மிகக் குறுகிய பாதையைக் கண்டுபிடிக்கும் அல்காரிதத்தைத்தான் அந்த நெறிமுறை பயன்படுத்துகிறது. பிரதியில் 'டிஜ்க்ஸ்ட்ரா' என்று வரும். டச்சுப் பெயர், ij சேர்ந்து 'ஐ' ஒலி: டை³க்ஸ்ட்ரா. TCP/IP-க்கு அடித்தளம் போட்ட இருவரில் ஒருவர் Vint Cerf. 'செர்ஃப்' அல்ல, 'சர்ஃப்'. சந்தேகம் இருந்தால் அவரே பேசும் பேட்டியைத் தேடிக் கேளுங்கள். அகராதி எல்லாப் பெயருக்கும் உதவாது.

இதைவிட வேடிக்கை நம் ஊர்ப் பெயர்களில் நடப்பதுதான். வயர்லெஸ் பாடத்தில் MIMO பற்றி வரும்போது Arogyaswami Paulraj பெயர் ஸ்லைடில் இருக்கும். அந்தத் தொழில்நுட்பத்தின் முன்னோடி, பொள்ளாச்சியில் பிறந்தவர். அவரை 'அரோக்யஸ்வாமி பவுல்ராஜ்' என்று ஆங்கில எழுத்திலிருந்து திரும்ப எழுதி, குரல் கொடுப்பவரும் வெளிநாட்டுப் பெயர் போல நாக்கைச் சுழற்றி வாசிக்கிறார். ஆரோக்கியசாமி பால்ராஜ் என்று எழுதினால் போதும், எந்தக் குறியும் வேண்டாம்.

H

எச்சோ, ஹெச்சோ, ஏதாவது ஒன்று. பாடம் முழுக்க அதே.

எண்கள்

Wi-Fi தரத்தின் பெயரான 802.11 என்பதை எண்ணிலேயே விட்டால் 'எண்ணூற்று இரண்டு' என்று ஆரம்பித்துவிடுவார்கள். 'எயிட்-நாட்-டூ டா³ட் லெவன்' என்று எழுத்தில் கொடுங்கள்.

பேச்சுப் பிரதியையே சப்டைட்டிலாக ஏற்றிவிடுவது

ஏற்றும் முன், ஹைபன் போட்ட சுருக்கங்களை முதலில் ஸ்லைடில் உள்ளபடி ஆங்கில எழுத்துக்கே மாற்றுங்கள். அதற்கு முதல் பக்கப் பட்டியலே போதும். அதன் பிறகு மிச்சமிருக்கும் ³ குறிகளை மொத்தமாகத் தேடி நீக்குங்கள். முதலிலேயே நீக்கினால் UTP எது, UDP எது என்று தெரியாமல் போகும். ஒரு விஷயத்தில் மட்டும் கவனம்: பாடத்தில் 10³ போன்ற உண்மையான அடுக்கு எண் இருந்தால், அதையும் சேர்த்து அழித்துவிடுவீர்கள். அந்த இடங்களை மட்டும் ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுங்கள்.